பேச்சை எப்படி முடிப்பது?

தம்பி தங்கைகளே, பூச்சோங்கில் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் பத்து நிமிடம் சமயம் பேசச் சொல்கிறார்கள். பேச்சு நன்றாகத்தான் போகும். கடைசியில், "நேரம் ஆயிடுச்சு, எல்லாரும் நல்லா இருக்கணும், வணக்கம்" என்று கரைந்துவிடும்.

திருமந்திரத்தில், யாராலும் செய்யக்கூடிய நான்கு அறங்களைத் திருமூலர் ஒரே பாட்டில் சொல்கிறார்: இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய் புல், உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, பிறரிடம் இனிய சொல். பேச்சில் நான்கையும் விளக்கலாம். முடிவில் நான்கையும் செய்யச் சொன்னால், ஒன்றும் நடக்காது. ஃபிளாட்டில் இருப்பவர் பசுவுக்கு எங்கே போவார்?

அதனால் ஒன்றை மட்டும் எடுங்கள். யாரிடம், எப்போது என்றும் சொல்லுங்கள்: "இந்த வாரம் வீட்டுல யார்கிட்ட கோபமா பேசினீங்களோ, இன்னிக்குத் தூங்கறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு நல்ல வார்த்தை பேசுங்க."

அதோடு நிறுத்துங்கள். நன்றியெல்லாம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இந்தக் கடைசி வரியை முதலில் எழுதிவிட்டால், அதற்கு உதவாத கதைகள் தாமாக விழுந்துவிடும்.

பிறகு, வாசலில் செருப்பு மாட்டுகிறவரிடம், "இன்னிக்கு என்ன செய்யச் சொன்னேன்?" என்று கேளுங்கள். "நல்லா பேசினீங்க" என்று மட்டும் பதில் வந்தால், முடிவை மறுபடி எழுத வேண்டும்.