இலவசப் படிப்பு, திரும்பி வரும் டெபாசிட்: ஒரு கட்டுக்கதையின் கணக்கு

நம்பிக்கை: “ஜெர்மனியில் படிப்பு இலவசம். பத்து லட்சம் காட்டினால் போதும், அதுவும் டெபாசிட்தான், திரும்ப வந்துவிடும்.”

இந்த வாக்கியத்தை முதலில் சொன்னவர் யார் என்று தெரிந்தால் நேரில் போய் நாலு கேள்வி கேட்பேன். நாமக்கல், ராசிபுரம் கன்சல்டன்சிகளில் பிறந்து, இன்ஜினியரிங் கல்லூரி ஹாஸ்டல்கள் வழியாக இப்போது கொல்லிமலைக்கே ஏறிவிட்டது. செம்மேட்டில் டீக்கடை பெஞ்சிலும் சோளக்காட்டுச் சந்தையிலும் இதையே சொல்கிறார்கள். வங்கியில் கல்விக்கடன் மேசையிலும் அந்நியச் செலாவணி மேசையிலும் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் என்பதால் ஊரில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருகிறார்கள். வருவது சந்தேகம் கேட்க அல்ல, நான் “ஆமாம்” என்று சொல்வதைக் கேட்க. சொல்ல மாட்டேன்.

உண்மை: அந்த வாக்கியத்தில் பாதி உண்மை ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. மீதி எல்லாம் தவறு.

‘டெபாசிட்’ என்கிறார்களே, அதிலிருந்து தொடங்குவோம். அதன் பெயர் ப்ளாக்டு அக்கவுண்ட். விசாவுக்கு முன்பே ஒரு வருடச் சாப்பாடு, வாடகை, இன்சூரன்ஸ் பணத்தை மொத்தமாக அதில் போட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. மாணவர் அங்கே போய் இறங்கியதும் மாதம் 992 யூரோ வீதம் அவர் கைக்கு வரும். “திரும்ப வருகிறது” என்பது இதைத்தான். ஆமாம், வருகிறது, மாணவர் தின்று தீர்ப்பதற்காக. பன்னிரண்டு மாதத்தில் கணக்கு காலி. அப்பாவின் பாஸ்புக்குக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. உங்கள் பணத்தை உங்களுக்கே மாதத் தவணையில் கொடுப்பதை டெபாசிட் என்று சொன்னால், வீட்டில் வாங்கிப் போட்ட அரிசி மூட்டையையும் டெபாசிட் என்று சொல்லலாம்.

முதுகலைப் படிப்பு பெரும்பாலும் இரண்டு வருடம். முதல் வருடப் பணம் தீர்ந்ததும் இரண்டாம் வருடத்துக்கு மறுபடி அதே அளவு வேண்டும். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும்போது அங்குள்ள அலுவலகமும் பணத்துக்கு ஆதாரம் கேட்கும். ஏஜென்ட் காட்டும் தாளில் இந்த இரண்டாம் வருடம் இருக்கவே இருக்காது. தேடிப் பாருங்கள்.

அடுத்தது அந்தப் ‘பத்து லட்சம்’. இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2021-ல் ப்ளாக்டு அக்கவுண்ட் தொகை 10,332 யூரோ. அப்போது யூரோ 87 ரூபாயை ஒட்டி இருந்ததால் ஒன்பது லட்சத்தில் முடிந்தது. 2023 தொடக்கத்தில் தொகை 11,208 ஆயிற்று, அடுத்த வருடம் 11,904. 2025 தொடக்கத்தில்கூட யூரோ 90-க்குக் கீழேதான் இருந்தது, பத்தரை லட்சம் ஆயிற்று. அதே வருடத்தின் இரண்டாம் பாதியில் யூரோ நூறைத் தாண்டியது. தொகையும் ஏறியது, யூரோவும் ஏறியது, டீக்கடையில் சொல்லும் எண் மட்டும் ஏறவில்லை.

சரி, கணக்குப் போடுவோம். செம்மேட்டு மாணவர் ஒருவர், கல்விக் கட்டணம் இல்லாத பல்கலைக்கழகம், இரண்டு வருட முதுகலை. வங்கி நமக்கு ஒரு யூரோவை 105 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் நாளில் என்ன விலையோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாழ்க்கைச் செலவு 24 மாதம், மாதம் 992: மொத்தம் 23,808 யூரோ. ரூபாயில் 25 லட்சம். கல்விக் கட்டணம் இல்லாவிட்டாலும் செமஸ்டர் பங்களிப்பு என்று ஒன்று உண்டு. செமஸ்டருக்கு 300 யூரோ என்று வைத்தால், நாலு செமஸ்டருக்கு 1,26,000 ரூபாய். இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமான ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய், விசாவுக்கு 75 யூரோ, ஆங்கிலத் தேர்வு, விமான டிக்கெட், கணக்குத் திறக்கும் கட்டணம் எல்லாம் சேர்த்து இன்னொரு லட்சம். ஆக இருபத்தேழே கால் லட்சம். ‘இலவசம்’ என்று சொன்னார்களே, அது இதுதான்.

இதில் வட்டி சேரவில்லை. 20 லட்சம் கடன், பத்து சதவீதம் வட்டி, முதல் வருடம் பன்னிரண்டரை லட்சமும் அடுத்த வருடம் ஏழரை லட்சமும் எடுக்கிறார் என்போம். வங்கிகள் வழக்கமாகப் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கேட்காது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தனி வட்டியாகப் போட்டால் முதல் தொகைக்கு மூன்று வருடத்தில் 3,75,000, இரண்டாவதற்கு இரண்டு வருடத்தில் 1,50,000. முதல் தவணை கட்டும் நாளில் கடன் 25,25,000. குடும்பத்தின் மொத்தச் செலவு 32 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தவணை ஓடும் வருடங்களின் வட்டியை நான் இன்னும் தொடவே இல்லை.

கடன் கிடைக்குமா என்பது தனிக் கேள்வி. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் சொத்து ஈடு கேட்பார்கள். மலையில் சொத்து என்றால் மிளகும் காப்பியும் வாழையும் நிற்கும் நிலம். விவசாய நிலத்தை சர்ஃபாசி சட்டத்தின் கீழ் வங்கி கைப்பற்றி விற்க முடியாது. அதனால்தான் மேலாளர் உங்கள் பட்டாவைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார். நிபந்தனைப் பட்டா என்றால் இன்னும் தயங்குவார். இதை விசாரிக்காமல் அட்மிஷன் கடிதம் வாங்கிய குடும்பம் கடைசியில் வட்டிக்காரரிடம் போய் நிற்கிறது. அவர் வட்டியைப் போட்டால் நான் மேலே எழுதிய கணக்கு எதற்கும் உதவாது.

‘கட்டணம் இல்லை’ என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஸ்டுட்கார்ட்டும் ஹைடல்பர்க்கும் இருக்கிற பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் நம்மவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. நாலு செமஸ்டருக்கு 6,30,000 ரூபாய். மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து முதுகலைக்கு, பாடத்தைப் பொறுத்து, செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ கேட்கிறது. குறைந்தபட்சமே நாலு செமஸ்டருக்குப் பதினேழு லட்சத்தைத் தொடும். அதே மூனிக்கில் அறை வாடகை கொடுத்து, மாணவர் இன்சூரன்சும் கட்டினால் 992-ல் சாப்பாட்டுக்கு மிஞ்சுவது சொற்பம். ஊருக்கு ஏற்ப மாதச் செலவு மாறும். 992 என்பது விசாவுக்கான எண், வீட்டுக்காரர் ஒப்புக்கொண்ட எண் அல்ல.

இன்னொரு தப்பு, கூகுளில் வரும் ரேட்டை வைத்துப் பெருக்குவது. அது வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலையின் நடுப்புள்ளி. உங்களுக்கு வங்கி கொடுப்பது அதன் விற்பனை விலை, ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ கூடுதலாக இருக்கும். சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். யூரோ ஒரு ரூபாய் ஏறினால் ஒரு வருடப் பணத்தில் 12,000 ரூபாய் ஏறுகிறது. மிளகு கிலோ 600 ரூபாய்க்குப் போனால் அது 20 கிலோ மிளகு. பறித்து, உதிர்த்து, காய வைத்த மிளகு.

அனுப்பும்போது இன்னொன்று கவனியுங்கள். வழியில் உள்ள வங்கிகளும் தங்கள் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும். 11,904 அனுப்பினால் அங்கே 11,880 போய்ச் சேரும், கணக்கு நிறையவில்லை என்று சான்று வராது, விசா நேர்காணல் தேதி நெருங்கும். எல்லாக் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்கும் முறையைப் படிவத்தில் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் வருடத் தொகையை இன்றைய ரேட்டில் போடாதீர்கள். பத்து சதவீதமாவது கூட்டிப் போடுங்கள். 2025-ல் ஒரே வருடத்தில் அதைவிட அதிகமாகவே ஏறியது.

நம்பிக்கை: “பார்ட்-டைம் வேலை பார்த்தே செலவைச் சமாளிக்கலாம்.”

சட்டம் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலைக்கு அனுமதிக்கிறது. அனுமதி இருக்கிறது என்பதற்காக வேலை காத்திருக்காது. ஜெர்மன் மொழி வராதவருக்கு முதல் சில மாதம் எதுவும் கிடைக்காமல் போகலாம். ‘மினிஜாப்’ என்னும் சிறு வேலையின் மாத வரம்பு 2025-ல் 556 யூரோ. மாதச் செலவில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இரண்டாம் வருடத்தைக் குறைக்க உதவும் என்று எழுதிக்கொள்ளுங்கள். முதல் வருடக் கணக்கில் அதைச் சேர்க்கவே கூடாது, ஏனென்றால் விசாவுக்கு முன்பே பணம் முழுதாக வேண்டும்.

நம்பிக்கை: “வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினால் அரசு இருபது சதவீதம் வரி பிடிக்கும்.”

கல்விக்கு அல்ல. 2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை டிசிஎஸ் எதுவும் இல்லை. வங்கிக் கல்விக்கடனிலிருந்து அனுப்பினால் எவ்வளவு அனுப்பினாலும் இல்லை. சொந்தப் பணத்தில் 10 லட்சத்தைத் தாண்டினால் பிடிப்பதும் வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளக்கூடியதே. இது செலவு அல்ல, சில மாதம் கையைக் கடிக்கும் சங்கடம்.

நம்பிக்கை: “நாங்கள் எஸ்.டி., அரசே அனுப்பிவிடும்.”

மலையாளிப் பழங்குடி மாணவர்கள் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்கவும் வேண்டும். ஆனால் மத்தியப் பழங்குடியினர் அமைச்சகத்தின் வெளிநாட்டு உதவித்தொகை நாடு முழுவதற்கும் சேர்த்து வருடத்துக்கு 20 பேருக்குத்தான். அதிலும் 3 இடம் மிக நலிந்த பழங்குடிகளுக்கு. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டமும் உண்டு. இரண்டும் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் என்ன என்பதைக் கணக்குத் தாளில் எழுதி வையுங்கள்.

இதில் எனக்கு நீண்ட நாள் கோபம் ஒன்று. இந்தத் திட்டங்களின் பெயரே மலையில் பலருக்குத் தெரியாது. உண்டு உறைவிடப் பள்ளியின் சுவரில் பொன்மொழிகள் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சுவரில் உதவித்தொகையின் பெயர், கடைசித் தேதி, வேண்டிய சான்றிதழ் மூன்றையும் எழுதினால் என்ன? சாதிச் சான்றிதழுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் கல்லூரிக் கடைசி வருடத்தில் அலைவதை பிளஸ் டூவிலேயே முடித்துவிடலாமே? இதைப் பழங்குடியினர் நல அலுவலரிடம் சொன்னால் தலையாட்டுவார். பெற்றோர் போய் நின்று கேட்டால்தான் நடக்கும்.

ஏஜென்டிடம் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். முழுப் படிப்புக் காலத்துக்கும் செலவை வரிவரியாக எழுதி, எந்தத் தேதி ரேட் என்று குறித்து, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். இரண்டாம் வருடமும் வட்டியும் அதில் இருக்க வேண்டும். எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். எழுதித் தந்தால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், எவ்வளவு கடன், எந்த ஈடு என்று கேளுங்கள். அட்மிஷன் கட்டணம் கட்டுவது அதற்கப்புறம்.