கடைசிச் சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கலாம்?

வேலையை விட்டுப் போகும் ஊழியர் நிறுவனத்துக்குத் தர வேண்டிய பாக்கி பெரும்பாலும் மூன்று வகைப்படும். தவறுதலாகக் கூடுதலாகப் போன சம்பளம் முதல் வகை. பண்டிகை முன்பணம், பயண முன்பணம் போன்றவை இரண்டாவது. மாதத் தவணையில் கழித்துவந்த கடன் மூன்றாவது. மூன்றையும் ஃபைனல் செட்டில்மென்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் பிரிவுகள் விட்டுவைப்பது வழக்கம். ஆனால் கணக்கை முடிக்கும் நாளில் கையில் இருக்கும் தொகையில் சட்டப்படி தொடக்கூடிய பகுதி, பார்வைக்குத் தெரிவதைவிட மிகச் சிறியது.

இந்தியாவில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு, முன்பணங்களையும் கூடுதலாகப் போன சம்பளத்தையும் ஊதியத்திலிருந்து பிடித்துக்கொள்ள முதலாளிக்கு அனுமதி தருகிறது. அதற்கு முன்பு இருந்த 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டமும் இதே அனுமதியைத் தந்தது. அனுமதியோடு ஒரு வரம்பும் உண்டு. ஒரு சம்பளக் காலத்தில் செய்யும் எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து அந்தக் கால ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பிஎஃப், வருமான வரி ஆகியவையும் இந்தப் பாதிக்குள்தான் அடங்கும். வேலையில் தொடர்பவர் என்றால் மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம். விலகுபவருக்கு அடுத்த மாதம் என்று ஒன்று இல்லை.

காலமும் குறுகிவிட்டது. ராஜினாமா செய்தவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது புதிய சட்டம். 1936 சட்டத்தில் இந்தக் கெடு, முதலாளியே வேலையை விட்டு நீக்கியவர்களுக்குத்தான் இருந்தது. ஆகவே 45 நாள் கழித்துக் கணக்கு முடிக்கும் பழைய வழக்கத்தை வைத்துக்கொண்டு பாக்கியைத் தேட முடியாது.

ஒரு கணக்கு

கோயம்புத்தூரில் உள்ள ஒரு பம்ப் உதிரிபாகத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மாதச் சம்பளம் 36,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 18,000. ஆறு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறார். அக்டோபரில் ஊதிய உயர்வைப் பதிவு செய்தபோது சிறப்புப் படியில் 3,000 ரூபாய் இரண்டு முறை ஏறிவிட்டது. அதனால் ஜனவரி வரை நான்கு மாதங்கள் 39,000 போயிற்று. 2026 பிப்ரவரி 14 கடைசி வேலை நாள். ஜனவரி 14 அன்றே ராஜினாமா கடிதம் வந்துவிட்டது.

பாக்கிகள் இப்படி நிற்கின்றன. கூடுதலாகப் போன சம்பளம் 12,000. தீபாவளி முன்பணம் பத்தாயிரத்தில் மூன்று தவணை போக 7,000. மருத்துவக் கடன் 60,000-இல் ஏழு தவணை போக 25,000. பயண முன்பணம் 5,000-க்கு 3,800 ரூபாய்க்குத்தான் பில் வந்திருப்பதால் 1,200. மொத்தம் 45,200 ரூபாய்.

பிப்ரவரியில் 28 நாட்களில் 14 நாட்கள் வேலை செய்திருப்பதால் அந்த மாதச் சம்பளம் 18,000. அதில் பாதி 9,000. பிஎஃப் 1,080 போனால் பாக்கிக்குப் பிடிக்கக்கூடியது 7,920 மட்டுமே. எடுக்காத விடுப்பு 15 நாட்களுக்கு நாளொன்றுக்கு 600 வீதம் 9,000 வருகிறது. அதை ஊழியரின் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு ஈடுசெய்வதே பாதுகாப்பு. இரண்டும் சேர்ந்தால் 16,920. இன்னும் 28,280 ரூபாய் நிற்கிறது.

அவருக்குப் பணிக்கொடையாக 62,308 ரூபாய் வர வேண்டியிருக்கிறது. 18,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆலும் ஆறு ஆண்டுகளாலும் பெருக்கினால் வரும் தொகை இது. நிலுவையை அதில் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். பலர் இடறுவது இங்கேதான். நிறுவனத்தின் சொத்துக்குச் சேதம் விளைவித்ததற்காகவோ, வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் போன்றவற்றுக்காகவோ வேலையை விட்டு நீக்கப்பட்டிருந்தால்தான் பணிக்கொடையைப் பிடித்து வைக்க முடியும். கடன் பாக்கி அந்தக் காரணங்களில் வராது. பிஎஃப் கணக்கில் இருக்கும் பணத்துக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதிலிருந்து முதலாளியின் கடனை ஈடுகட்ட முடியாது. பணிக்கொடையை முழுதாக அவர் வங்கிக் கணக்கில் செலுத்தியபின், அவராக விரும்பித் தன் கணக்கிலிருந்து கடனைத் திருப்பிக் கட்டினால் அது வேறு விஷயம். அப்படிக் கட்டுவதாக முன்னதாகவே தேதியோடு ஒரு கடிதம் வாங்கி வைப்பது நல்லது.

எதை முதலில் கழிப்பது

கிடைத்த 16,920 ரூபாயை எந்தப் பாக்கியில் வரவு வைப்பது என்பதில் பலரும் கவனம் செலுத்துவதில்லை. கடனுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. சில இடங்களில் ஜாமீன்தாரரின் கையெழுத்தும் இருக்கும். பண்டிகை முன்பணத்துக்கு விண்ணப்பம் இருக்கிறது. தவறுதலாகப் போன சம்பளத்துக்கு மட்டும் ஊழியர் கையெழுத்திட்ட தாள் எதுவும் இல்லை. ஆகவே ஆதாரம் குறைந்த பாக்கியை முதலில் கழிக்க வேண்டும். மேலே உள்ள கணக்கில் கூடுதல் சம்பளம் 12,000, பயண முன்பணம் 1,200 ஆகியவை முழுதாகத் தீர்ந்து, பண்டிகை முன்பணத்தில் 3,720 குறையும். மிஞ்சும் 28,280-இல் 25,000 கடன், 3,280 பண்டிகை முன்பணம். இரண்டுக்கும் கையெழுத்து உண்டு. இந்த வரவு வரிசையையும் ஊழியர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எந்தக் கடனுக்காகப் பணம் தருகிறேன் என்று சொல்லும் உரிமை, இந்திய ஒப்பந்தச் சட்டப்படி முதலில் கடனாளிக்கே உரியது.

கூடுதல் சம்பளத்தைத் திரும்பக் கேட்கும் கடிதம்

பிடித்துவிட்டுச் சொல்வது தகராறுக்கு வழி. சொல்லிவிட்டுப் பிடிப்பதே முறை. கடிதத்தில் நான்கு செய்திகள் போதும்: எந்த மாதம் எவ்வளவு சேர வேண்டியிருந்தது, எவ்வளவு போனது, பிழை எப்படி நேர்ந்தது, எப்படித் திருப்பித் தரலாம். பதில் சொல்ல ஒரு வாரம் கொடுக்கலாம். 'அக்டோபர்: சேர வேண்டியது 36,000, செலுத்தியது 39,000, வித்தியாசம் 3,000' என்று மாதவாரியாக எழுதினால் ஊழியர் தன் சம்பளச் சீட்டை வைத்துச் சரிபார்த்துக்கொள்ள முடியும். மொத்தத் தொகையை மட்டும் எழுதும் கடிதத்துக்கு வரும் முதல் பதில், விவரம் கேட்டு வரும் மறுகடிதமாகவே இருக்கும்.

பிழை நிறுவனத்தினுடையது என்பதைக் கடிதம் மறைக்கக் கூடாது. தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு சொல்கிறது. பிழை யாருடையது என்பதால் அந்தக் கடமை போய்விடாது.

அரசு ஊழியர் விஷயத்தில் நிலை வேறு. பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மசீஹ் என்பவருக்கும் இடையிலான வழக்கில் 2014 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கூடுதலாகப் போன சம்பளத்தைத் திரும்பப் பிடிக்கக் கூடாத சூழல்களைப் பட்டியலிட்டது. கடைநிலைப் பிரிவுகளான சி, டி பிரிவு ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்கள், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கூடுதலாகப் பெற்றுவந்தவர்கள் ஆகியோர் அதில் அடங்குவர். கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று முன்பே உறுதிமொழி எழுதிக் கொடுத்த அதிகாரிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2016-இல் ஜக்தேவ் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது. தனியார் நிறுவனமும் இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: வேலையில் சேரும் நாளில் வாங்கும் இரண்டு வரி உறுதிமொழி, பின்னால் எழுதும் இருபது கடிதங்களை மிச்சப்படுத்தும்.

நிதியாண்டு முடிவு

மேலே உள்ள பிழை அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரியில் திருத்தப்படுகிறது. இரண்டும் ஒரே நிதியாண்டு என்பதால் ஆண்டுச் சம்பளத்தைத் திருத்தி, டிடிஎஸ் பிடித்திருந்தால் அதையும் அதே ஆண்டில் சரிக்கட்டிவிடலாம். படிவம் 16-இல் சரியான தொகை வரும். மார்ச் 31 தாண்டிவிட்டால், ஊழியர் தன் கைக்கு வராத வரித் தொகையையும் சேர்த்துத் திருப்பித் தரும்படி கேட்கப்படுவார். நிகரத் தொகையைக் கேட்பதா மொத்தத் தொகையைக் கேட்பதா என்ற வாக்குவாதம் அங்கேதான் தொடங்கும். ஆகவே பிப்ரவரிச் சம்பளம் போடும்போதே அந்த ஆண்டின் ஊதிய உயர்வுகள் அனைத்தையும் உத்தரவுக் கடிதங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பிழையைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. ஒவ்வொரு மாதமும் சம்பளப் பட்டியலைச் சென்ற மாதப் பட்டியலோடு பொருத்தி, மொத்தச் சம்பளம் மாறியவர்களின் பெயரை மட்டும் தனியே எடுத்தால் போதும். மாற்றத்துக்கு உத்தரவு இல்லாத, அல்லது மாற்றம் உத்தரவுத் தொகையோடு பொருந்தாத பெயரில் பிழை இருக்க வாய்ப்பு அதிகம். சம்பளமில்லா விடுப்பு பற்றிய தகவல் பட்டியல் மூடியபின் வருவதும், விலகியவரின் பெயர் நீக்கப்படாமல் நிற்பதும் சம்பளம் கூடுதலாகப் போக அடிக்கடி நேரும் மற்ற இரண்டு காரணங்கள்.

ராஜினாமா கடிதம் வந்த நாள்

பாக்கியை மீட்கும் வேலை கடைசி நாளில் அல்ல, ராஜினாமா கடிதம் வந்த நாளில் தொடங்க வேண்டும். அதே மேற்பார்வையாளரின் ஜனவரிச் சம்பளத்தில் சரியான தொகை 36,000. பாதி 18,000. பிஎஃப் 1,800 போக 16,200 வரை பிடிக்க இடம் இருந்தது. பிடித்ததோ வழக்கமான தவணைகள் 6,000 மட்டும். இன்னும் 10,200 அந்த மாதமே வந்திருக்கும். ஜனவரியின் கூடுதல் 3,000 போயே இருக்காது. 28,280 என்று நிற்கும் பாக்கி 15,080 ஆகக் குறைந்திருக்கும். இப்படித் தவணையைக் கூட்டிப் பிடிக்க வேண்டுமானால், ராஜினாமா கொடுத்ததும் கடன் முழுவதும் திருப்பித் தர வேண்டியதாகிவிடும் என்ற நிபந்தனை கடன் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கடன் கொடுக்கும் நாளில் அதைச் சேர்க்காவிட்டால் பிறகு ஊழியரின் சம்மதம் இல்லாமல் சேர்க்க முடியாது.

அப்படியும் மிஞ்சுவதற்கு, தேதியிட்ட தவணை ஒப்பந்தமும் பின்தேதியிட்ட காசோலைகளும் வாங்கலாம். பணம் வராவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ், பிறகு மூன்று ஆண்டுகளுக்குள் சிவில் வழக்கு. சில ஆயிரங்களுக்கு வழக்குச் செலவு கட்டாது. பணி விடுவிப்புக் கடிதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்பதால் பணம் வருவது அரிது. தொழிலாளர் துறைக்குப் புகார் போவதே மிச்சம்.

கடன் கொடுக்கும்போதே, இவர் அடுத்த மாதம் விலகினால் கடைசி இரண்டு சம்பளங்களின் பாதியில் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்கு மேல் போகும் தொகைக்கு ஜாமீன் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.