சிதறிய தேதிகளும் ஒரு கால அட்டவணையும்

உயர்நிலை மூன்றில் பயிலும் மாணவி ஒருத்திக்கு ஆண்டிறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. எழுத்துத் தேர்வுகள் தொடங்க நான்கு வாரங்கள் இருந்தன. தேர்வு அட்டவணை வகுப்பறைச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. ஆனால், தமிழ் வாய்மொழித் தேர்வின் தேதியை அவள் நாட்குறிப்பில் கிறுக்கி வைத்திருந்தாள். வேதியியல் செய்முறைத் தேர்வு பற்றிய தகவல் ஆசிரியர் அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்தியில் இருந்தது.

ஒரு சனிக்கிழமை அவள் எல்லாத் தேதிகளையும் ஒரே தாளில் வரிசையாக எழுதினாள். அப்போதுதான் உண்மை புலப்பட்டது. வாய்மொழித் தேர்வு மூன்றாம் வாரம் வியாழக்கிழமை; செய்முறைத் தேர்வு நான்காம் வாரம் புதன்கிழமை. நான்கு வாரங்கள் இருப்பதாக அவள் எண்ணியது எல்லாப் பாடங்களுக்கும் பொருந்தவில்லை.

அடுத்து, ஒவ்வொரு தேதிக்கும் நேராகப் படிக்க வேண்டிய தலைப்புகளை எழுதினாள். "கணிதம்" என்று மட்டும் எழுதினால் எதைப் படிப்பது என்பது தெரியாது. "முக்கோணவியல்" என்று எழுதினால் தெரியும். கணிதம், வேதியியல், வரலாறு, தமிழ் ஆகியவற்றில் மொத்தம் 18 தலைப்புகள் இருந்தன. அவற்றில் 6 நன்றாகத் தெரிந்தவை, 7 ஓரளவு தெரிந்தவை, 5 கடினமானவை.

பிறகு நேரத்தைக் கணக்கிட்டாள். 45 நிமிடம் ஒரு கட்டம். இணைப்பாட நடவடிக்கை உள்ள நாளில் ஒரு கட்டம்தான் கிடைக்கும். இவ்வாறு வாரத்திற்கு 13 கட்டங்கள் கிடைத்தன. அவற்றில் இரண்டை வெறுமையாக விட்டாள். காய்ச்சலோ உறவினர் வருகையோ ஒரு நாளைத் தடுத்தால், விடுபட்ட பாடம் அந்தக் கட்டத்திற்கு நகரும். அடுத்த நாளின் பாடத்தைத் தள்ளாது. ஆக, நான்கு வாரத்திற்கு 44 கட்டங்கள்.

தெரிந்த தலைப்புக்கு ஒன்று, ஓரளவு தெரிந்ததற்கு இரண்டு, கடினமானதற்கு மூன்று என ஒதுக்கியபோது படிப்புக்கு மட்டும் 35 கட்டங்கள் தேவைப்பட்டன. ஒவ்வொரு தலைப்பையும் இருமுறை மீள்பார்வை செய்ய மேலும் 18 கட்டங்கள் வேண்டும். ஒரு கட்டத்தில் இரண்டு தலைப்புகளை மீள்பார்வை செய்யலாம். மொத்தம் 53. ஒன்பது கட்டங்கள் மிகுதி!

இந்நிலையில் பலர் மீள்பார்வையை நீக்கிவிடுவர். அது தவறு. படித்தது முதல் சில நாள்களிலேயே வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட நூலில் காட்டினார். எனவே, அவள் வேறு வழியில் குறைத்தாள். நன்றாகத் தெரிந்த 6 தலைப்புகளுக்குப் படிப்புக் கட்டம் இல்லை. ஒரே ஒரு மீள்பார்வை மட்டும். இதனால் ஒன்பது கட்டங்கள் குறைந்து, கணக்கு 44இல் நின்றது. முதல் வாரம் இப்படி அமைந்தது:

| நாள் | கட்டம் 1 | கட்டம் 2 | கட்டம் 3 |
|---|---|---|---|
| திங்கள் | முக்கோணவியல் 1 | – | – |
| செவ்வாய் | வேதிப் பிணைப்பு 1 | முக்கோணவியல் 2 | – |
| புதன் | வேதிப் பிணைப்பு 2 | ஹிட்லரின் எழுச்சி 1 | – |
| வியாழன் | முக்கோணவியல் 3 | – | – |
| வெள்ளி | ஹிட்லரின் எழுச்சி 2 | (வெறுமை) | – |
| சனி | மீள்பார்வை: வேதிப் பிணைப்பு, முக்கோணவியல் | வாய்மொழிப் பயிற்சி 1 | மோல் கணக்கு 1 |
| ஞாயிறு | மோல் கணக்கு 2 | (வெறுமை) | – |

கடினமான முக்கோணவியல் ஒரே நாளில் குவிக்கப்படாமல் மூன்று நாள்களில் பரவியிருப்பதைக் காணலாம். முடித்த தலைப்பு இரண்டு மூன்று நாள்களில் முதல் மீள்பார்வைக்கு வருகிறது. ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து மீண்டும் வரும். நான்காம் வாரம் புதன்கிழமைக்குப் பின் புதிய தலைப்பு எதுவும் இல்லை.

மீள்பார்வை என்பது குறிப்பேட்டை மறுபடி வாசிப்பதன்று. சனிக்கிழமை அவள் புத்தகத்தை மூடிவிட்டு, வேதிப் பிணைப்பில் நினைவிலிருந்தவற்றை வெற்றுத் தாளில் எழுதினாள். பின்னர் புத்தகத்தைத் திறந்து ஒப்பிட்டாள். அயனிப் பிணைப்பைச் சரியாக எழுதியிருந்தாள். சகப்பிணைப்பின் படம் பாதியில் நின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வெறுமையாக இருந்த கட்டம் அதற்குப் பயன்பட்டது.

ஒரு வாரத்தின் இரு வெற்றுக் கட்டங்களும் தொடர்ந்து நிரம்பினால், தலைப்புகளுக்கு ஒதுக்கிய நேரம் குறைவு என்று பொருள். அப்போது அந்த வார இறுதியிலேயே எஞ்சிய கட்டங்களை மீண்டும் எண்ணி அட்டவணையைத் திருத்த வேண்டும். அதனால்தான் அவள் தன் அட்டவணையைப் பென்சிலால் வரைந்திருந்தாள்.