கம்ப்ரசர் எப்போது நிற்கிறது என்று பார்

பழங்காநத்தத்தில் ஏ.சி. பழுது பார்த்தே தலை நரைத்தவன் நான். டிப்ளமோ முதலாண்டுத் தம்பிக்குச் சொல்கிறேன்.

1. புத்தகத்தில் பெட்டியும் அம்புமாகப் போட்டிருக்கும் சுற்றை ஒருதரம் கண்ணால் பார். பழைய விண்டோ ஏ.சி.யின் முன்கிரில்லைக் கழற்றினால், ஃபில்டருக்கும் காயிலுக்கும் நடுவே மெல்லிய செம்புக்குழாய் ஒன்று கிளிப்பில் நிற்கும். அதன் முனைதான் பல்ப். அறைக்காற்று சூடானால் உள்ளிருக்கும் வாயு விரிந்து தெர்மோஸ்டாட்டின் கான்டாக்டை மூடும். கம்ப்ரசர் ஓடும், அறை குளிரும், வாயு சுருங்கும், கான்டாக்ட் விட்டுவிடும். தான் உண்டாக்கிய குளிரே திரும்பி வந்து கம்ப்ரசரை நிறுத்துகிறது. எதிர்ப் பின்னூட்டம் என்பது இதுதான். தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறிக்கு இப்படித் திரும்பி வரும் வழி கிடையாது. நீ குளிரில் நடுங்கினாலும் அது சுற்றும்.

2. 24 என்று வைத்தால் அறை 24-லேயே நிற்காது. 23-இல் கம்ப்ரசர் நின்று, 25-இல் மறுபடி ஓடும் என்று வைத்துக்கொள். ஒரு டிகிரி குளிர 4 நிமிடம், ஒரு டிகிரி ஏற 3 நிமிடம் என்றால், 8 நிமிடம் ஓட்டம், 6 நிமிடம் ஓய்வு. துல்லியம் வேண்டுமென்று அந்த 2 டிகிரி இடைவெளியை அரை டிகிரியாக்கிப் பார்: 2 நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் ஓய்வு. மணிக்கு நாலு தடவை கிளம்பிய கம்ப்ரசர் பதினேழு தடவை கிளம்பும். நின்ற கம்ப்ரசரில் இருபக்க அழுத்தமும் சமமாக ஏறக்குறைய 3 நிமிடம் வேண்டும். அதற்குள் கிளப்பினால் முக்கும், ஓவர்லோடு விழும். இடைவெளியைக் குறைபாடு என்று நினைக்காதே. அது வேண்டுமென்றே விட்டது.

3. 16-இல் வைத்தால் சீக்கிரம் குளிராது. இந்த வகைக் கம்ப்ரசருக்கு ஓடு, நில் என்று இரண்டே நிலை. நிற்கும் இடம்தான் தள்ளிப்போகும். வேகத்தைக் கூட்டிக் குறைப்பது இன்வெர்ட்டர் ஏ.சி.; அது வேறு கதை.

4. ஏ.சி. நன்றாக ஓடியும் அறை குளிரவில்லை என்றால் உடனே கேஸ் குறைவு என்று சொல்லிவிடாதே. ஒரு மே மாத மதியம், மாடியறை ஒன்றில் 24 வைத்தும் 30-க்குக் கீழே இறங்கவில்லை. நானும் முதலில் கேஸ் என்றுதான் நினைத்தேன். கேஸ் குறைந்தால் கம்ப்ரசர் பொதுவாக நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். இதுவோ ஒவ்வொரு தடவையும் ரெண்டு நிமிடம் ஓடியதும் நின்றது. கிரில்லைக் கழற்றினால், கிளிப் உடைந்து பல்ப் காயிலில் சாய்ந்து கிடக்கிறது. காயிலின் குளிரை அறையின் குளிர் என்று நம்பி, தெர்மோஸ்டாட் சரியாகவே வேலை பார்த்திருக்கிறது! புது கிளிப் போட்டு, பல்பைக் காயிலில் படாமல் விரற்கடை தள்ளி நிறுத்தினேன். காயிலுக்குள் போகும் காற்றில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து, 23-இல் கம்ப்ரசர் நின்றது.