பாராட்டுரையில் நான்கு சொற்கள்

நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டத்தின் பொதுமண்டபத்தில் பாராட்டு விழா நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்றில் விழுந்த சிறுவனைக் காப்பாற்றிய ஒருவர் மேடையில் அமர்ந்திருக்கிறார். உரையாற்ற வந்த மாணவர், "வீரமும் தைரியமும் துணிவும் அஞ்சாமையும் நிறைந்த அண்ணன் அவர்களே!" என்று தொடங்குகிறார். கைதட்டல் எழுகிறது. ஆனால், அந்த அண்ணன் என்ன செய்தார் என்பது அவ்வரியிலிருந்து யாருக்கும் தெரியவில்லை. அகராதியில் இந்த நான்கு சொற்களும் ஒரே பொருளைத் தருவன போலத் தோன்றலாம். உரையில் அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு செய்தியைச் சொல்கின்றன. இதனை ஓர் உண்மை நிகழ்வைக் கொண்டு பார்ப்போம்.

2025 ஜூலை 26ஆம் நாள் மாலை, சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங் சாலையில் திடீரென ஒரு பெரிய பள்ளம் உண்டானது. அவ்வழியே வந்த கார் ஒன்று பள்ளத்தில் விழுந்தது. உள்ளே நீர் நிறைந்திருந்தது. காரை ஓட்டி வந்த பெண்மணி எப்படியோ வெளியே வந்துவிட்டார். அருகில் கட்டுமானப் பணியில் இருந்த மேற்பார்வையாளர் சுப்பையா பிச்சை உடையப்பனும் அவருடைய சக ஊழியர்களும் நைலான் கயிற்றை வீசினர். பெண்மணி கயிற்றைப் பற்றிக்கொள்ள, அனைவரும் சேர்ந்து அவரைச் சில நிமிடங்களில் மேலே இழுத்தனர். மீட்பில் ஈடுபட்ட எழுவரும் வெளிநாட்டு ஊழியர்கள். பின்னர், சிங்கப்பூர் மனிதவள அமைச்சு அவர்களுக்குப் பாராட்டு நாணயம் வழங்கியது.

இவர்களைப் போற்ற எந்தச் சொல் பொருந்தும்? முதலில் 'அஞ்சாமை'யைப் பார்ப்போம். 'அஞ்சு' என்னும் வினையடியிலிருந்து பிறந்த எதிர்மறைச் சொல் இது. அச்சம் இல்லாத நிலையைக் குறிக்கும். ஆனால், தமக்குப் பயம் இருந்ததாகவும், முதலில் அப்பெண்மணியைக் காப்பாற்ற வேண்டும் என்பதே தம் எண்ணமாக இருந்ததாகவும் உடையப்பன் பின்னர் கூறினார். எனவே, 'அஞ்சாமை' என்றால் நடந்தது மாறிவிடும். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது பேதைமை என்று திருக்குறளும் சொல்கிறது.

'துணிவு' அப்படியன்று. 'துணிதல்' என்றால் முடிவு செய்தல் என்ற பொருளும் உண்டு. அச்சம் இருந்தும், எண்ணிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்து செயலில் இறங்குவதே துணிவு. பள்ளத்தில் குதிக்காமல், கயிற்றை எடுத்து வீசியது அத்தகைய முடிவு.

'தைரியம்' வடமொழியிலிருந்து வந்த சொல். நிலை கலங்காத மன உறுதி என்பது அதன் அடிப்படைப் பொருள். ஆகவே, கயிற்றைப் பிடித்துக் கடைசி வரை கைவிடாமல் இழுத்த அந்தச் சில நிமிடங்களுக்கு இச்சொல் பொருந்தும். கயிற்றைப் பற்றி மேலேறிய பெண்மணிக்கும் பொருந்தும்.

'வீரம்' போர்க்களத்தோடு நெருங்கிய சொல். இன்று தீயணைப்பு வீரர், விளையாட்டு வீரர் என்று அதன் பொருள் விரிந்துவிட்டது. விரிந்த சொல் என்பதால், அது செயலின் தன்மையைத் தனித்துக் காட்டுவதில்லை. செயலை விளக்கிய பிறகு, உரையின் முடிவில் தொகுத்துச் சொல்வதற்கு அது ஏற்றது.

இப்போது அதே மாணவர் தம் உரையை மாற்றி எழுதினால், இப்படி அமையலாம்:

"அவையோரே! சிறுவன் நீரில் தத்தளித்தபோது அண்ணனும் அஞ்சினார். ஆயினும், கரையில் நின்றபடியே நீண்ட கம்பை நீட்டத் துணிந்தார். கால் வழுக்கியபோதும் தைரியத்தை இழக்கவில்லை. சிறுவன் கரையேறும் வரை கம்பை விடவில்லை. இந்த வீரத்தைத்தான் நாம் இன்று போற்றுகிறோம்."

இந்த உரையில் ஒவ்வொரு சொல்லுக்கும் அருகில் ஒரு செயல் நிற்கிறது. சொல்லை எழுதியதும் 'எப்படி?' என்று கேட்டுப் பார்க்கலாம். விடையாக ஒரு செயல் கிடைக்காவிட்டால், அச்சொல் அங்கே வெறும் அலங்காரம்.

இது நடைச்சிறப்பு மட்டும் அன்று. நீரில் மூழ்குபவர் தம்மைக் காப்பாற்ற வருபவரை இறுகப் பற்றிக்கொள்வார். அதனால் இருவரும் மூழ்க நேரிடும். ஆகவேதான், பயிற்சி இல்லாதவர் நீரில் இறங்காமல் கம்பை நீட்ட வேண்டும் அல்லது கயிற்றை வீச வேண்டும் என்று மீட்புப் பயிற்சியில் கற்பிக்கிறார்கள். லிங்கி ஆற்றின் கரையோரம் வளரும் பிள்ளைகள் மேடையில் 'பயமறியாதவர்' என்ற புகழை மட்டும் கேட்டால், குதிப்பதே பெருமை என்று எண்ணக்கூடும். 'எண்ணித் துணிந்தவர்' என்று கேட்டால், முதலில் கம்பைத் தேடுவார்கள்.