புறக்கையொப்பமிட்ட காசோலை

கேள்வி: புனேயில் துணிக்கடை வைத்திருக்கிறேன். சரக்கு வாங்கியவர், சென்னை வியாபாரி தமக்கு எழுதிய காசோலையைப் புறக்கையொப்பமிட்டு என்னிடம் தந்தார். கணக்கில் பணமில்லையென்று திரும்பிவிட்டது. சென்னைக்காரரோ, தமக்கு வந்த சரக்கு மோசமென்கிறார். என் கதி என்ன?

பதில்: காசோலைக்கு ஈடாகச் சரக்கைக் கொடுத்து, உரிமையில் குறையுண்டென்று சந்தேகிக்க ஹேது எதுவுமின்றி, சுத்த மனத்தோடு அதைப் பெற்றவரை, 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம் ‘முறைப்படி உடையவர்’ என்று அங்கீகரிப்பதால், அவ்விருவருக்குமிடையேயுள்ள சரக்குத் தகராறு தங்களைப் பாதிக்காது. ஆனால் முகப்பில் ‘அக்கவுண்ட் பேயி’ என்ற குறுக்குக்கோடு இருந்திருந்தால், பெயர் குறித்தவர் கணக்கிலன்றி வேறு கணக்கில் வங்கி வசூலிக்காது. தங்கள் வங்கி அனுப்பியிருப்பதால் அக்கோடு இல்லையென்றே கொள்கிறேன்.

வங்கியின் திருப்புச்சீட்டு கிடைத்த 30 நாட்களுக்குள் சென்னைக்காரருக்கு எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். அது சேர்ந்து 15 நாட்களில் அவர் பணம் செலுத்தாவிடில், அடுத்த ஒரு மாதத்துக்குள் 138-ஆம் பிரிவின்கீழ்ப் புகார் கொடுக்கலாம். தசரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, காசோலை எழுதியவரின் வங்கி உள்ள ஊருக்கே புகார்தாரரை அலையவைத்தது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மாற்றிவிட்டபடியால், தங்கள் கணக்குள்ள கிளை புனேயிலிருந்தால் புனே நீதிமன்றத்திலேயே புகார் கொடுக்கலாம்.