சிக்மாவை விரித்து எழுதுவோம்

சென்ற தவணையில் எமது மேல்வகுப்பு மாணவன் ஒருவன் தன் கணிதக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினான். கீழே உள்ள கணக்குக்கு 19 என விடை எழுதியிருந்தான். பகற்பள்ளி ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் வெட்டியிருந்தார். தாயாரிடம் கேட்டபொழுது, "நான் தமிழிலே படித்தவள், இது எனக்கு விளங்காது" என்றாராம். அக்குறியோ எம்மொழியில் படித்தவர்க்கும் ஒன்றே.

```
 5
 Σ (3k − 1)
k=2
```

நடுவில் நிற்பது கிரேக்க மொழியின் பெரிய சிக்மா. கூட்டுத்தொகைக்கு இதனை 1755இல் கையாண்டவர் ஒயிலர் என்னும் கணித அறிஞர். "கூட்டுக" என்னும் ஒரு சொல்லாகவே இதனை வாசிக்கலாம். கீழே இருப்பது தொடங்கும் எண். மேலே இருப்பது முடியும் எண். வலப்புறம் இருப்பது கூட்டவேண்டிய கோவை. ஆகவே, "k இரண்டு முதல் ஐந்து வரை ஒவ்வொன்றாக ஏற, மூன்று k சய ஒன்றின் பெறுமானங்களைக் கூட்டுக" என்பது இதன் பொருள்.

இனி விரிப்போம். k இருந்த இடத்தில் 2 இட்டால் 6 − 1 = 5. 3 இட்டால் 8. 4 இட்டால் 11. 5 இட்டால் 14. ஒவ்வொரு விடைக்கும் இடையே கூட்டற் குறியை இடுவோம்:

5 + 8 + 11 + 14 = 38

மாணவன் செய்தது என்ன? கண்ணுக்குத் தெரிந்த 2ஐயும் 5ஐயும் மட்டும் இட்டு, 5 + 14 = 19 என்று முடித்துவிட்டான். இடையில் நின்ற இரண்டு உறுப்புகள் விடுபட்டன. உறுப்புகளை முதலில் எண்ணியிருந்தால் பிழை அவனுக்கே தெரிந்திருக்கும். ஆனால் எண்ணுவதிலும் ஒரு வழுக்கல் உண்டு. ஐந்திலிருந்து இரண்டைக் கழித்து, மூன்று உறுப்புகள் என்பர் பலர். இரண்டாந் திகதி முதல் ஐந்தாந் திகதி வரை கோயில் திருவிழா என்றால் எத்தனை நாள்? நான்கு நாள் அல்லவா? கழித்தபின் ஒன்றைக் கூட்டவேண்டும்.

அடைப்புக்குறியையும் அசட்டை செய்யலாகாது. அதனை நீக்கி Σ 3k − 1 என எழுதினால், வழக்கப்படி 3k மட்டுமே சிக்மாவுக்கு உட்படும். ஒன்று கடைசியில் ஒரேயொரு முறை கழிபடும். அப்பொழுது 6 + 9 + 12 + 15 = 42; அதிலிருந்து 1 போக 41. அடைப்புக்குறி இருந்தபொழுது ஒன்று நான்கு முறை கழிபட்டமையாலேயே 38 வந்தது.

k என்பதற்குப் பதிலாக i அல்லது n இருப்பினும் விடை மாறாது. அது இடம்பிடித்து நிற்கும் எழுத்து மட்டுமே, விரித்தபின் மறைந்துவிடும். விரித்த வரியில் k இன்னும் எஞ்சியிருந்தால், எங்கோ எண்ணை இட மறந்துவிட்டோம் என்று அறிக.

மாணவர்கள் வீட்டில் செய்து பார்க்க ஒன்று:

```
 3
 Σ 2^k
k=0
```

இங்கே 2^k என்பது இரண்டின் k ஆம் அடுக்கு. தொடக்கம் பூச்சியம் என்பதைக் கவனிக்க. இரண்டின் பூச்சிய அடுக்கு 1. அதனைப் பூச்சியம் எனக் கொள்பவர்க்கு 14 வரும், சரியான விடை 15.